வட சென்னையில் பிறருக்காக உதவித்தொகை மனு எழுதித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

இ-சேவை மையத்தில் கணினி முன்னால் உட்காரும் தம்பி தங்கைகளுக்கு, வார்டு அலுவலக வாசலில் மனு எழுதும் பெரியவர்களுக்கு, குடியிருப்பு சங்கங்களிலும் சர்ச்சிலும் மசூதியிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தரும் எல்லோருக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய சங்கத்தில் நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் வரவேண்டிய பணம் பற்றி உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். எண்ணூரிலிருந்து வியாசர்பாடி வரை, உதவித்தொகைக்கு மனு போடுகிறவர் முதலில் வருவது அதிகாரியிடம் அல்ல, நம்மிடம்தான். "இந்தாப்பா, இவருக்கு பென்ஷன் எழுதிக் கொடு" என்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டுகிறார்கள். அந்தப் பையிலிருந்து எந்தக் காகிதத்தை முதலில் எடுத்துப் பார்க்கிறோம் என்பதை வைத்தே அவருக்கு மாதம் 1,200 வருமா, 1,500 வருமா, 2,000 வருமா என்பது முடிவாகிவிடுகிறது. நம்மில் பெரும்பாலோர் முதலில் ஆதாரை எடுக்கிறோம். நான் கேட்பது, முதலில் ஊனச் சான்றிதழை எடுங்கள் என்பதுதான். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிக்கு மாதப் பணம் இரண்டு வாசல் வழியாக வருகிறது. ஒன்று வருவாய்த் துறை. முதியோர் ஓய்வூதியம், விதவை ஓய்வூதியம் எல்லாம் வருகிற அதே வழி. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்தான் உத்தரவு போடுவார். இங்கே மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், ஊனம் 40 சதவீதமாவது இருக்க வேண்டும், பிழைக்க வேறு வழியில்லாதவர் என்பது விசாரணையில் தெரிய வேண்டும். ஊனம் 80 சதவீதமும் அதற்கு மேலும் இருந்து, குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தால், இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ப்பார்கள். அதில் 300 ரூபாய் மத்திய அரசின் பங்கு. மீதியை மாநிலம் போடுகிறது. வாங்குகிறவர் கையில் வருவது அதே தொகைதான்.

இன்னொரு வாசல் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. அங்கே இதற்குப் பெயர் பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். விண்ணப்பம் போக வேண்டிய இடம் தாலுகா அல்ல, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இந்தத் தொகைக்கு வருமான வரம்பு கிடையாது. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. ஊனம் 75 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 'கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்' என்ற பிரிவில் வரலாம். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், முதுகுத் தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் ஆகியவற்றுக்கு 40 சதவீதம் இருந்தாலே போதும்.

ஒருவர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். விதவை ஓய்வூதியமும் முதியோர் ஓய்வூதியமும் இதே கணக்கில்தான் வரும்.

இப்போது கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிடுகிறேன். காகிதங்களில் இருந்ததை மட்டும் சொன்னால் போதும். அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. குழந்தையில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. பழைய அடையாள அட்டைப் புத்தகத்தில் ஊனம் 60 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. கணவர் இறந்துவிட்டார். கொஞ்ச காலமாக இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை. அவர் மனு கொடுக்கப் போனபோது, எழுதித் தந்தவர் கணவரின் இறப்புச் சான்றிதழைப் பார்த்தார். விதவை ஓய்வூதியம் என்று பதிந்தார். 1,200 ரூபாய் வந்தது. அதுவும் தவறு என்று சொல்ல முடியாது, அவர் விதவைதான். ஆனால் அவர் மாற்றுத்திறனாளியும்கூட. வருவாய்த் துறையிலேயே மாற்றுத்திறனாளி என்று பதிந்திருந்தால் 1,500 வந்திருக்கும். மாதம் 300 என்றால் வருடத்துக்கு 3,600 ரூபாய். வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது எத்தனை மாத அரிசி பருப்பு என்று உங்களுக்கே தெரியும்.

இதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். தாலி இல்லை என்றால் விதவை, தலை நரைத்தால் முதியோர். கையில் ஊன்றுகோல் இருந்தாலும் அது கண்ணில் படுவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில், மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே மாதிரியான உதவியைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. முதியோருக்கும் விதவைகளுக்கும் 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. அதோடு 25 சதவீதம் சேர்த்தால் சரியாக 1,500. சட்டம் கூடுதலாகத் தந்ததை, மனுவில் ஒரு பெட்டியை மாற்றித் தட்டி நாமே இல்லாமல் செய்துவிடக் கூடாது.

அந்த அக்காவுக்கு 1,500தான் உச்சம் என்றும் நினைத்துவிட வேண்டாம். காது விஷயம் இருக்கிறதே. அவர் புத்தகத்தில் கால் மட்டும்தான் இருக்கிறது. காது கேளாமை அதற்குப் பிறகு வந்தது, யாரும் அளந்து பார்க்கவில்லை. இரண்டு வகை ஊனம் ஒருவருக்கே இருந்தால் மருத்துவக் குழு இரண்டையும் அப்படியே கூட்டுவதில்லை. 60-ம் 45-ம் சேர்ந்து 105 ஆகிவிடாது. அதற்கென்று மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலில் ஒரு சூத்திரம் இருக்கிறது:

```
a + b(90 - a)/90
```

இதில் a என்பது பெரிய எண், b என்பது சிறிய எண். அக்காவின் கால் 60. காதை அளந்தபோது 45 வந்தது. 90-இலிருந்து 60-ஐக் கழித்தால் 30. 45-ஐ 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 15. 60-ம் 15-ம் சேர்ந்தால் 75. பராமரிப்பு உதவித்தொகைக்கு வேண்டிய அளவும் 75. அதாவது, அதே பெண், அதே உடம்பு, அதே வீடு. இறப்புச் சான்றிதழை மட்டும் பார்த்தால் 1,200. பழைய புத்தகத்தைப் பார்த்தால் 1,500. காதையும் அளந்து பார்த்தால் 2,000, அதுவும் வருமானக் கேள்வி இல்லாமல்.

இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது, யாரை மறுபடி மருத்துவமனைக்கு அனுப்பலாம், யாரை அலைய விடக் கூடாது என்று நமக்குத் தெரிவதற்காக. காதில் 45-க்குப் பதில் 42 வந்திருந்தால் மொத்தம் 74-தான் ஆகும். அப்போது வாசல் மாறாது, 1,500-க்குத்தான் எழுத வேண்டும். காது விஷயத்தில் இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு காது சுத்தமாகக் கேட்காமல் மற்றது நன்றாகக் கேட்டால் சதவீதம் பெரிதாக வராது. நன்றாகக் கேட்கும் காதின் அளவை ஐந்து மடங்காகவும், மற்றதை ஒரு மடங்காகவும் எடுத்துக் கூட்டி, ஆறால் வகுக்கிறார்கள். ஒரு காது 100, மறு காது பூஜ்யம் என்றால் விடை 17-ஐத் தாண்டாது. அப்படிப்பட்டவரை "போய்ப் பாருங்கள், கிடைக்கும்" என்று அனுப்பினால் ஒரு நாள் கூலியும் ஆட்டோ காசும்தான் போகும்.

அக்கா போன்றவர்களுக்கு வழி இப்படி. முதலில் காதுப் பரிசோதனை. வட சென்னைக்காரர்களுக்கு ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுப்பார்கள். அப்புறம் தனித்துவ அடையாள அட்டைக்கான swavlambancard.gov.in தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இங்கேதான் நம் கை முக்கியம். ஊன வகையில் கை கால் பாதிப்பு என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டால், எலும்பு மருத்துவர் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார். இரண்டு வகையையும் குறிக்க வேண்டும். சான்றிதழ் கையில் வந்ததும் அதன் தலைப்பைப் பாருங்கள். கை கால் இழப்பு, நிரந்தர வாதம், குள்ளத்தன்மை, பார்வையின்மை ஆகியவற்றுக்குத் தருவது படிவம் 5. ஒன்றுக்கு மேற்பட்ட ஊனத்துக்குத் தருவது படிவம் 6. மற்றவற்றுக்கு படிவம் 7. இரண்டு ஊனம் உள்ளவர் கையில் படிவம் 5 இருந்தால், ஒன்று மட்டும்தான் மதிப்பிடப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். சான்றிதழில் சொன்ன அளவில் உடன்பாடு இல்லை என்றால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தருகிறது. மறுத்தால் மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. வாய்மொழியாக "உனக்கு வராதும்மா" என்று சொன்னதைக் கேட்டுத் திரும்பிவந்தவர்கள் நிறைய. அவர்களிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அட்டையின் நிறத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 2024-இல் திருத்திய விதிகளில் 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குக் கீழ் வரை மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம் என்று வைத்திருக்கிறார்கள். மத்திய ஓய்வூதியத்தின் எல்லை 80 என்பதால் நீல அட்டை அதனோடு பொருந்திப் போகிறது. ஆனால் நம் மாநிலப் பராமரிப்பு உதவித்தொகையின் எல்லை 75. ஆகவே 75 முதல் 79 வரை உள்ளவர்கள் மஞ்சள் அட்டையோடு வருவார்கள். மஞ்சளைப் பார்த்தவுடன் "உங்களுக்கு 1,500-தான்" என்று சொல்லிவிடுகிறோம். எண்ணைப் படியுங்கள்.

அதே மாதிரி அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகள். வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் எத்தனையோ அம்மாக்களிடம் "பதினெட்டு வயசு ஆகட்டும், அப்புறம் எழுதலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது வருவாய்த் துறை ஓய்வூதியத்துக்கான விதி. ஆறு வயதுக் குழந்தைக்கு அறிவுசார் குறைபாடு 50 சதவீதம் என்று சான்றிதழ் இருந்தால் இன்றைக்கே 2,000 ரூபாய்க்கு மனு போடலாம். பன்னிரண்டு வருடம் காத்திருக்கச் சொல்வது எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பணம் பெரும்பாலும் பேச்சுப் பயிற்சிக்கும், பிசியோதெரபிக்குப் போகிற பஸ் செலவுக்கும் போகிறது. உடம்பு வளரும் வயதில்தான் அது வேண்டும்.

குழந்தைகள் சான்றிதழில் இன்னொரு சிக்கல், அது பல நேரம் தற்காலிகச் சான்றிதழாக இருக்கும். வளர வளர மறுபடி பார்க்க வேண்டும் என்பதால் மருத்துவர் ஒரு தேதி போட்டுத் தருவார். அந்தத் தேதி முடிந்தால் உதவித்தொகை நின்றுபோகலாம். பணம் நின்ற பிறகுதான் அம்மா நம்மிடம் வருவார். அதற்கு முன்பே, சான்றிதழ் முடிகிற தேதிக்கு மூன்று நான்கு மாதம் முன்னாலேயே புதுப்பிக்க அனுப்ப வேண்டும். இப்போதைய விதிப்படி விண்ணப்பத்திலிருந்து சான்றிதழ் தர மருத்துவ அதிகாரிக்கு மூன்று மாதம் வரை அவகாசம் உண்டு. மனு பதியும்போதே அந்தத் தேதியை அம்மாவின் போன் காலண்டரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

பதினெட்டு வயது ஆகும்போது வேறொன்று வருகிறது. அதுவரை அம்மாவோடு சேர்ந்து இருந்த வங்கிக் கணக்கு, பிள்ளை மேஜரானதும் அவர் கையெழுத்துக்காக நிற்கும். கையெழுத்துப் போட முடியாத பிள்ளை என்றால் வங்கி காப்பாளர் சான்று கேட்கும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது. இதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. அந்தச் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது. பதினெட்டு முடிந்து கணக்கு முடங்கிய பிறகு ஓடுவதைவிட, பதினேழிலேயே காகிதங்களைச் சேர்க்க ஆரம்பிப்பது நல்லது. தானாகக் கையெழுத்துப் போட்டு, பணம் என்றால் என்னவென்று புரிந்துகொள்கிற பிள்ளைக்குக் காப்பாளர் தேவையில்லை என்பதையும் பெற்றோரிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு நேரடியாகவே கணக்கு திறக்கலாம்.

சரி, காகிதங்களுக்கு வருகிறேன். இரண்டு வாசலுக்கும் கேட்பது ஏறக்குறைய ஒரே கட்டுதான். ஊனச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். அட்டையை மட்டும் நகல் எடுத்துவிட்டுச் சான்றிதழை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம். ஊன வகை, எந்த உறுப்பு, நிரந்தரமா தற்காலிகமா என்ற விவரங்களெல்லாம் சான்றிதழில்தான் முழுதாக இருக்கும், இரண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இ-சேவையில் பதிய குடிமக்கள் அடையாள எண்ணும் வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே உருவாக்கிக்கொள்ளலாம். வருவாய்த் துறைக்கு இதற்கு மேல் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் வீட்டு நிலையை விசாரிப்பார்கள். விசாரணைக்கு வரும் நாளில் வீட்டில் யாராவது இருக்க வேண்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தக் கட்டில் ஏதாவது குறைந்தால் கேட்டு வாங்கிவிடலாம். மனுக்கள் திரும்பி வருவது பெரும்பாலும் வேறு காரணத்தால். எல்லாம் இருக்கும், ஒன்றோடொன்று பொருந்தாது. பெண்களுக்கு இது அதிகம். பழைய அடையாள அட்டைப் புத்தகத்தில் அப்பாவின் இனிஷியல், குடும்ப அட்டையில் கணவரின் இனிஷியல், ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், வங்கியில் இனிஷியலை விரித்து முழுப் பெயராக. ஆளைத் தெரிந்தவருக்கு நான்கும் ஒரே ஆள். காகிதத்தை மட்டும் பார்க்கிற அலுவலகத்துக்கு நான்கு பேர். என் வழக்கம், ஆதாரை வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுவது. காரணம், ஆதாரில் பெயரை மாற்ற இரண்டு தடவைதான் வாய்ப்பு, பிறந்த தேதியை மாற்ற ஒரே தடவைதான். அதை அவசரத்தில் செலவழித்துவிட்டால் அப்புறம் திருத்தப் பெரும்பாடு. ஆதாரிலேயே பிறந்த தேதி அப்பட்டமாகத் தவறு என்றால் மட்டும், பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ கையில் வந்த பிறகு அந்த ஒரு வாய்ப்பைப் பயன்படுத்துங்கள். மனுவில் வயது பதினேழு என்று தெரிந்தால் வருவாய்த் துறை வாசல் மூடிவிடும். அதனால் தேதி விஷயத்தில் ஊகம் வேண்டாம்.

வங்கிப் பாஸ்புத்தகத்தில் ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பார்க்கச் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தன. அதன் பிறகு அந்தக் கிளைகளின் ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் மாறிவிட்டன. இன்றும் பழைய பெயர் அச்சிட்ட பாஸ்புத்தகத்தைத்தான் பலர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நாம் பதிந்தால் உத்தரவு வரும், பணம் வராது. உத்தரவு வந்தும் மாதக்கணக்கில் பணம் ஏறாமல் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். புதிய பாஸ்புத்தகம் வாங்கி வந்த பிறகு பதிவது ஒரு நாள் தாமதம். பழையதை வைத்துப் பதிந்தால் எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது.

எண்ணூர், திருவொற்றியூர், மாதவரம் பக்கத்தில் எழுதித் தருகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2018 வரை உங்கள் தாலுகாக்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தன. அதற்கு முன்பு வாங்கிய அடையாள அட்டைப் புத்தகத்தில் திருவள்ளூர் முத்திரைதான் இருக்கும். அதைப் பார்த்து யாரையும் திருவள்ளூருக்கு அனுப்பாதீர்கள். சென்னை மாவட்ட அலுவலகத்திலேயே கேட்கலாம், பழைய கோப்பு அங்கே இல்லை என்றால் என்ன செய்வது என்று அவர்களே சொல்லட்டும்.

கொருக்குப்பேட்டை அக்காவுக்குத் திரும்பி வருகிறேன். 75 சதவீதச் சான்றிதழ் வந்துவிட்டது. ஆனால் அவர் ஏற்கெனவே விதவை ஓய்வூதியம் 1,200 வாங்கிக்கொண்டிருக்கிறார். இங்கே நம்மில் சிலர் சொல்லும் ஆலோசனை எனக்குக் கவலை தருகிறது. "முதலில் அதை ரத்து பண்ணிட்டு வாங்க, அப்புறம் இதை எழுதலாம்" என்கிறார்கள். பராமரிப்பு உதவித்தொகைக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. மனு சரியாக இருந்தாலும் நிதி ஒதுக்கீடு வந்து வரிசை வந்தால்தான் உத்தரவு. முதலில் ரத்து செய்துவிட்டால், அந்த இடைக்காலம் முழுக்க அவர் கையில் ஒரு ரூபாயும் வராது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது தாங்காது.

அதனால் மனுவிலேயே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வருவாய்த் துறையில் இன்ன ஓய்வூதியம் வாங்குகிறேன், உத்தரவு எண் இது, பராமரிப்பு உதவித்தொகைக்கு ஆணை வரும்போது அதை விட்டுத்தருகிறேன் என்று. மறைக்க வேண்டாம். இரண்டும் ஒருவர் ஆதாரில் தெரிந்தால் இரண்டும் நிற்கிற நிலை வரும், வாங்கியதைத் திருப்பிக் கேட்கவும் செய்யலாம். நல அலுவலகம், வேறு ஓய்வூதியம் இல்லை அல்லது நிறுத்தப்பட்டுவிட்டது என்று வருவாய்த் துறைச் சான்று கேட்கும்போது, "என் பெயர் வரிசையில் வந்துவிட்டதா, ஆணை எப்போது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்போதுதான் நிறுத்தச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். இடையில் 1,200-ஐ 1,500 ஆக மாற்றலாமா என்று அக்கா கேட்டார். ஏற்கெனவே வருவது நின்று, புது மனு, புது விசாரணை என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், அவர் விஷயத்தில் வேண்டாம் என்றேன். 2,000-க்குத் தகுதி இல்லாதவராக இருந்திருந்தால் மாற்றச் சொல்லியிருப்பேன்.

பணம் வர ஆரம்பித்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை பயனாளி உயிரோடு இருக்கிறார் என்று சரிபார்ப்பார்கள். வீடு மாறினால், போன் எண் மாறினால் அந்தச் சரிபார்ப்பில் "ஆள் இல்லை" என்று பதிவாகிவிடும். நம் பக்கத்தில் வாடகை வீடு மாறுவது சாதாரணம். தெரு மாறினாலும் அலுவலகத்தில் சொல்லுங்கள் என்று மனு எழுதும் அன்றே சொல்லி வையுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றே காரியம்தான். யார் வந்தாலும் ஊனச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, ஊன வகை, சதவீதம், முடியும் தேதி மூன்றையும் படித்த பிறகு எந்த வாசல் என்று முடிவெடுங்கள். பதிந்ததும் ஒப்புகை எண்ணையும், எந்தத் துறைக்கு எந்தத் திட்டத்துக்குப் பதிந்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் தமிழில் எழுதி அவர் கையில் கொடுங்கள். 'பென்ஷன் போட்டாச்சு' என்று சொல்லி அனுப்பினால், மூன்று மாதம் கழித்து அவர் தவறான அலுவலகத்தில் போய் நிற்பார். அரசு வசூலிக்கும் கட்டணத்துக்கு மேல் யாரிடமும் வாங்காதீர்கள், "ஆயிரம் கொடுத்தால் முன்னால் வாங்கித் தருகிறேன்" என்று வருகிற தரகர்களை உங்கள் மேசைப் பக்கமே விடாதீர்கள். வரிசையை மாற்றுகிற சக்தி அவர்களுக்கு இல்லை.

ஏற்கெனவே நீங்கள் எழுதித் தந்தவர்களில் விதவை, முதியோர் என்று பதிந்த மாற்றுத்திறனாளிகள் யார் யார் என்று உங்கள் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஊனம் 75-ஐத் தொடுகிறவர்களும், 40 சதவீதப் பிரிவுகளில் வருகிறவர்களும் இருந்தால் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கணக்குப் போடவோ, படிவம் 6-க்கு எப்படிப் பதிவது என்று பார்க்கவோ துணை வேண்டும் என்றால் எங்கள் சங்கத்துக்கு அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து, உங்களைப் போலவே மனு எழுதித் தரும் ஒருவர்